கன்னியம்மன் கோயிலுக்கு எத்தனை ரூபா? ஒரு எக்செல் வரியில ஆரம்பிச்ச கேள்வி

நான் சென்னையில ரோடு, மேம்பாலம் மாதிரி ப்ராஜெக்ட்டுக்கு டிபிஆர்ங்கற விரிவான திட்ட அறிக்கை தயார் பண்ற ஆபீஸ்ல பதினோரு வருஷமா வேலை பாக்குறேன், என் வேலை பெரும்பாலும் ஷீட்தான், ஒரு பக்கம் செலவு, இன்னொரு பக்கம் பயன், ரெண்டையும் ரூபாய்ல எழுதி எது பெருசுன்னு காட்டணும். செலவு-பயன் கணக்கு, நாங்க பேசும்போது காஸ்ட் பெனிஃபிட்னு சொல்லுவோம். சில வருஷம் முன்னாடி பூந்தமல்லி தாண்டி ஒரு ரோடு அகலப்படுத்துற வேலை, அந்த அலைன்மென்ட்ல, அதாவது ரோடு போற கோட்டுல, ஒரு கன்னியம்மன் கோயிலும் அது பக்கத்துல ஒரு குளமும் ரெண்டு வேப்பமரமும் வந்துச்சு. கோயில் வரியில என்ன எழுதுறதுன்னு தெரியாம "மதிப்பிட இயலாது"ன்னு டைப் பண்ணிட்டு அடுத்த வரிக்குப் போயிட்டேன்.

மூணு நாள் கழிச்சுதான் உறைச்சுது. கீழ மொத்தம் போடுற ஃபார்முலா இது:

```
=SUM(C4:C19)
```

இது எழுத்தைப் பார்த்தா எரர் காட்டாது, அதைத் தாண்டிப் போயிடும். அதாவது நான் மரியாதையோட "விலை போட முடியாது"ன்னு எழுதுனது கணக்குல பூஜ்யமா போயிருக்கு, அந்த அம்மனுக்கும் அந்த மரத்துக்கும் மதிப்பு ஒண்ணும் இல்லைன்னு என் கையாலயே ரிப்போர்ட் எழுதியிருக்கேன். அன்னைல இருந்து இந்த விஷயம் என்னை விடல. விலை போடலைன்னா பூஜ்யம், போட்டா பெரும்பாலும் அபத்தமான ஒரு தொகை, அப்போ இந்தக் கணக்கை வெச்சு என்னதான் பண்றது?

இதுக்கு உலகத்துலயே நல்லா பதிவான ஒரு கேஸ் லண்டன்ல நடந்துச்சு, ஏர்போர்ட் விஷயம். இப்போ பரந்தூர் பேச்சு ஓடுற நேரத்துல நம்ம ஊர்க்காரங்க தெரிஞ்சுக்க வேண்டிய கதை அது.

பரந்தூர் பின்னணி நிறைய பேருக்குத் தெரியும், சுருக்கமா சொல்றேன். மீனம்பாக்கம் நெரிசல் ஆயிடுச்சு, சென்னைக்கு ரெண்டாவது ஏர்போர்ட் வேணும்னு பன்னூர், படாளம், திருப்போரூர், பரந்தூர்னு நாலு இடத்தைப் பார்த்தாங்க, 2022 ஆகஸ்ட்ல பரந்தூர்னு அறிவிச்சாங்க. அந்த இடத்துல பத்துக்கும் மேல கிராமம், ஏரி, குட்டை, நஞ்சை, நடுவுல கம்பன் கால்வாய். ஏகனாபுரம் ஜனங்க அப்பவே போராட ஆரம்பிச்சாங்க, 2024 நாடாளுமன்றத் தேர்தலைக்கூட புறக்கணிச்சாங்க. 2025ல மத்திய அரசோட கொள்கை அளவிலான ஒப்புதலும் வந்துடுச்சு.

லண்டன்லயும் இதே மாதிரி நாலு இடம்தான். 1968ல மூணாவது ஏர்போர்ட்டுக்கு இடம் தேட ராஸ்கில்னு ஒரு நீதிபதி தலைமையில ஒரு கமிஷன் போட்டாங்க. அதுக்கு முன்னாடி அரசாங்கம் ஸ்டான்ஸ்டெட்னு ஒரு இடத்தை நேரடியா முடிவு பண்ணி எதிர்ப்பு கிளம்பி பின்வாங்கியிருந்துச்சு, அதனால இந்த தடவை யாரும் குறை சொல்ல முடியாதபடி எல்லாத்தையும் காசுல அளந்து பாரபட்சம் இல்லாம முடிவெடுப்போம்னு நினைச்சாங்க. நல்ல எண்ணம்தான், இதை நான் மனசார சொல்றேன், ஏன்னா கணக்கே இல்லாம முடிவெடுத்தா யாருக்கு செல்வாக்கு இருக்கோ அவங்க தோட்டத்தைச் சுத்தி ரோடு வளையும், செல்வாக்கு இல்லாதவன் வீட்டுக்கு நடுவுல போகும், இதை நான் எத்தனையோ மேப்ல பார்த்திருக்கேன். கப்ளிங்டன், தர்லே, நட்ஹாம்ஸ்டெட், ஃபவுல்னெஸ்னு நாலு இடம் ஷார்ட்லிஸ்ட் ஆச்சு. முதல் மூணும் உள்நாட்டு கிராமப்புறம், ஃபவுல்னெஸ் கடலோரம், லண்டன்ல இருந்து தூரம், அங்க பெரும்பாலும் சேத்துநிலமும் குளிர்காலத்துல வர்ற வாத்துக்கூட்டமும்தான்.

கப்ளிங்டன் பக்கத்துல ஸ்டூக்லின்னு ஒரு ஊர், ஏர்போர்ட் வந்தா அது காலி. அந்த ஊர்ல 12ஆம் நூற்றாண்டு சர்ச் ஒண்ணு, எண்ணூறு வருஷமா பெரிய மாற்றம் இல்லாம நிக்குது. கமிஷனோட ஆராய்ச்சிக் குழுவுக்கு என் பிரச்சனைதான், இந்த வரியில என்ன எழுதுறது? சர்ச்சுக்கு சந்தை விலை கிடையாது, யாரும் வாங்குறதில்லை விக்கிறதில்லை. தேடிப் பார்த்ததுல ஒரே ஒரு தொகை கிடைச்சுது, தீ விபத்து இன்ஷூரன்ஸ், 51,000 பவுண்டு. அதை எடுத்தாங்க. வெளிய தெரிஞ்சதும் நாடே கொதிச்சுப் போச்சு, அப்புறம் அந்த வரியைக் கைவிட்டாங்க.

இதுல தப்பு 51,000ங்கற தொகை சின்னதா இருந்ததுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, நான் அப்படி நினைக்கல. தப்பு வேற இடத்துல இருக்கு. தீ இன்ஷூரன்ஸ் தொகைங்கறது "இந்தக் கட்டடம் எரிஞ்சா திரும்பக் கட்ட எவ்வளவு ஆகும்"ங்கற கேள்விக்கு பதில். இங்க கேட்ட கேள்வி அது இல்லவே இல்லை. பதில் சரியாவே இருக்கலாம், வேற கேள்விக்கான பதில். நம்ம ஊர்ல உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலை எடுத்துக்கோங்க, முதலாம் பராந்தகன் காலத்து குடவோலை கல்வெட்டு இருக்குற சுவர். அதே கருங்கல்லுல அதே எழுத்தை இன்னைக்கு ஒரு ஸ்தபதியைக் கூப்பிட்டு வெட்டச் சொன்னா ஒரு தொகை வரும். அந்தத் தொகை புதுச் சுவரோட விலை. 10ஆம் நூற்றாண்டுல ஒரு ஊர் சபை தன் தேர்தல் விதியை எழுதி வெச்சதுங்கறதுதான் அந்தச் சுவரோட மதிப்பு, அதைத் திரும்பக் கட்ட முடியாது. சரி, எத்தனை பேர் காசு செலவு பண்ணி வந்து பாக்குறாங்கன்னு வெச்சு அளக்கலாமேன்னா, அப்படியும் ஒரு முறை இருக்கு, ஆனா அந்த முறையில ஈசிஆர்ல இருக்கற தண்ணி விளையாட்டுப் பூங்கா எதுவா இருந்தாலும் உத்திரமேரூரை ஜெயிச்சிடும்.

ஜனங்ககிட்டயே "இதைக் காப்பாத்த எவ்வளவு தருவீங்க"ன்னு சர்வே எடுக்கலாமேன்னு தோணும். 90கள்ல அமெரிக்காவுல இதை சோதிச்சாங்க, எண்ணெய்க் குட்டையில விழுந்து சாகுற பறவைகளைக் காப்பாத்த எவ்வளவு தருவீங்கன்னு. ஒரு குழுகிட்ட 2,000 பறவைன்னாங்க, இன்னொரு குழுகிட்ட 20,000, மூணாவது குழுகிட்ட 2,00,000. பதில் முறையே 80, 78, 88 டாலர். நூறு மடங்கு பறவை, கிட்டத்தட்ட அதே காசு. ஜனங்க பொய் சொல்லல, அவங்க மனசுல ஒரு பறவை எண்ணெயில நனைஞ்சு துடிக்கிற காட்சி வந்துச்சு, அந்த வருத்தத்துக்கு ஒரு தொகை சொன்னாங்க. கேட்டது ஒண்ணு, பதில் சொன்னது இன்னொண்ணுக்கு.

லண்டன் கதையில சர்ச் விஷயத்தை விட முக்கியமா எனக்குப் படுறது வீடுகள் சமாச்சாரம், இது அவ்வளவா வெளிய பேசப்படல. காலி பண்ண வேண்டிய வீட்டுக்கு சந்தை விலை மட்டும் போட்டா போதாதுன்னு கமிஷனுக்கே தெரிஞ்சிருந்துச்சு. வித்துட்டுப் போகணும்னு நினைக்கிறவன் வாங்குற விலைதானே சந்தை விலை, போக விரும்பாதவனுக்கு வீடு அதைவிட அதிகம். அதனால சர்வே எடுத்தாங்க, சந்தை விலைக்கு மேல எவ்வளவு கொடுத்தா நீங்க போவீங்க? பெரும்பாலானவங்க ஏதோ ஒரு தொகை சொன்னாங்க. ஆனா சுமார் 8 சதவீதம் பேர் எவ்வளவு கொடுத்தாலும் போக மாட்டோம்னு சொன்னாங்க.

இதை ஷீட்ல எப்படிப் போடுவீங்க? எந்தத் தொகையும் ஈடாகாதுன்னா கணக்கு மொழியில அது முடிவிலி. ஒரே ஒரு கிழவி முடிவிலின்னு சொல்லிட்டா மொத்தக் கூட்டலும் முடிவிலி, உலகத்துல எந்த ஏர்போர்ட்டும் கட்ட முடியாது. கமிஷன் என்ன பண்ணுச்சுன்னா அப்படிச் சொன்னவங்களுக்கெல்லாம் 5,000 பவுண்டுன்னு ஒரு உச்சவரம்பு வெச்சுது. அதுக்கு எந்த அடிப்படையும் இல்லை, கணக்கு உடையக் கூடாதுங்கறது மட்டும்தான் அடிப்படை. பொருளாதார நிபுணர்களே இதைக் கடுமையா விமர்சிச்சாங்க.

இங்க நான் ரெண்டு பக்கமும் பேசணும். ஒருத்தர் மறுத்தாலே ரோடு நிக்கணும்னா எந்த ஊருக்கும் ரோடு வராது, அது உண்மை. ஆனா அந்த 8 சதவீதம் பேர் சொன்னது பெரிய விலை இல்லை. நீங்க கேக்குற கேள்வியே தப்புன்னு சொன்னாங்க. கிராமத்துல நிலம் எடுக்கும்போது கைட்லைன் வேல்யூவை மடங்காக்கி அது மேல சொலேஷியம்ங்கற ஆறுதல் தொகையும் சேர்த்துத் தர்றோம், இன்னும் என்ன வேணும்னு அதிகாரிகள் உண்மையாவே குழம்பிப் போறதை நான் நேர்ல பார்த்திருக்கேன், அவங்க கெட்டவங்க இல்லை. பேரம்னு நினைச்சுத் தொகையை ஏத்திக்கிட்டே போறாங்க, எதிர்ல இருக்கறவர் பேரமே பேசல. அந்த பூந்தமல்லி வேலையில ஒரு பெரியவர் என்கிட்ட சொன்னார், "தம்பி, எங்க அம்மாவை எவ்வளவுக்குத் தருவேன்னு கேட்டு நான் வாயைத் திறக்கலைன்னா, விலை பத்தலைன்னு அர்த்தமா?" நான் ஒண்ணும் சொல்லல. "எழுதிக்கோங்க தம்பி, ஆனா விலைன்னு எழுதாதீங்க"ன்னார்.

சர்ச், வீடு எல்லாத்துக்கும் கமிஷன் தாராளமா தொகை போட்டிருந்தா முடிவு மாறியிருக்குமா? மாறியிருக்காதுன்னுதான் நான் சொல்லுவேன். ஏன்னா அந்தக் கணக்கை ஓட்டுன எஞ்சின் வேற, பயணிகளோட நேரம். ஒரு உதாரணத்துக்கு நானே போட்டுக் காட்டுறேன், இது எந்த நிஜ ஏர்போர்ட்டோட கணக்கும் இல்லை. வருஷத்துக்கு 2 கோடி பயணிகள், பக்கத்துல இருக்கற இடத்தைத் தேர்ந்தெடுத்தா ஆளுக்கு 15 நிமிஷம் மிச்சம், ஒரு மணி நேரத்துக்கு 200 ரூபாய்னு மதிப்பு வெச்சா வருஷத்துக்கு 100 கோடி. முப்பது வருஷத்துக்கு, நாங்க வழக்கமா எடுக்கற 12 சதவீத தள்ளுபடி விகிதத்துல, அதாவது தள்ளி வர்ற காசை வருஷா வருஷம் அந்த அளவுக்குக் குறைச்சு, இன்னைய மதிப்புக்குக் கொண்டுவந்தா சுமார் 805 கோடி. இப்போ அந்த 200 ரூபாயை 220னு மாத்துங்க, யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க, அவ்வளவு சின்ன மாற்றம். மொத்தம் 80 கோடி ஏறிடும். கோயிலுக்கு நான் 60 லட்சம் போட்டேனா 6 கோடி போட்டேனாங்கறது இந்த 80 கோடி அலையில காணாமலே போயிடும்.

அதனால யாராவது "பாரம்பரியத்தையும் கணக்குல சேர்த்துட்டோம்"னு சொன்னா உடனே நிம்மதி ஆயிடாதீங்க. அந்த வரியைப் பத்து மடங்கு ஆக்கிப் பாருங்க, கடைசி முடிவு அசையுதா? அசையலைன்னா அந்த வரி அங்க இருக்கறது அலங்காரத்துக்கு.

ராஸ்கில்லுக்கும் அதேதான் நடந்துச்சு. லண்டனுக்குப் போய்வர்ற பயண நேரமும் செலவும் மத்த எல்லாத்தையும் விழுங்கிடுச்சு, கப்ளிங்டன்தான் மலிவுன்னு வந்துச்சு, தூரமா இருக்கற ஃபவுல்னெஸ் இருக்கறதுலயே காஸ்ட்லி, வித்தியாசம் 15 கோடி பவுண்டுக்கு மேல. 1971 ஜனவரியில கப்ளிங்டன்னு பரிந்துரை பண்ணாங்க. உறுப்பினர்கள்ல ஒருத்தர், நகரத் திட்டமிடல்ல பெரிய பேர் வாங்குன காலின் புக்கானன், மட்டும் தனியா மறுப்பு எழுதினார், லண்டனுக்கும் பர்மிங்ஹாமுக்கும் நடுவுல இருக்கற அந்தத் திறந்தவெளியில ஏர்போர்ட் வைக்கறது பெரிய பேரழிவுன்னு. ஏப்ரல்ல அரசாங்கம் கமிஷனை ஒதுக்கிட்டு ஃபவுல்னெஸ்ஸைத் தேர்ந்தெடுத்துச்சு. அப்புறம் 1974ல அதையும் கைவிட்டாங்க. கடைசியில வளர்ந்தது எது தெரியுமா, முதல்ல எதிர்ப்பு வந்து விட்ட, ராஸ்கில் ஷார்ட்லிஸ்ட்லயே இல்லாத ஸ்டான்ஸ்டெட்.

இந்தக் கதையைச் சொல்லி செலவு-பயன் கணக்கு தோத்துப்போச்சுன்னு நிறைய பேர் முடிப்பாங்க. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. அந்த 15 கோடி பவுண்டுங்கற நம்பரைப் பாருங்க, அது சர்ச்சோட விலை இல்லை, கிராமத்தோட விலையும் இல்லை. கப்ளிங்டனை விட்டு ஃபவுல்னெஸ் போனா நாடு கூடுதலா எவ்வளவு சுமக்கணுங்கற தொகை. இது சரியான கேள்விக்கு சரியான பதில். அதைக் கையில வெச்சுக்கிட்டு ஒரு அரசாங்கம் "சரி, இந்தச் செலவை ஏத்துக்கறோம்"னு அன்னைக்குச் சொல்ல முடிஞ்சுது. காப்பாத்துற பொருளுக்கு விலை போட முடியாது, காப்பாத்த ஆகுற செலவுக்கு விலை போட முடியும், நான் இத்தனை வருஷத்துல கத்துக்கிட்டது இது ஒண்ணுதான்.

உயிர் விஷயத்துலயும் இதே பிரிவினை இருக்கு, அங்க இது புரியாம நிறைய சண்டை நடக்குது. அமெரிக்கப் போக்குவரத்துத் துறை 2023க்கு ஒரு உயிருக்கு 1.32 கோடி டாலர்னு வெச்சிருந்துச்சு, கேட்டவுடனே கோபம் வரும், உயிருக்கு விலையான்னு. ஆனா அந்த நம்பர் வர்ற வழி வேற. ஒரு லட்சம் பேர் தினமும் கடக்கற ஒரு ரோடு, வருஷத்துக்கு அதுல சராசரி மூணு பேர் சாகுறாங்கன்னு வைங்க. சிக்னல், தடுப்பு எல்லாம் வெச்சா ரெண்டா குறையும். யார் அந்த பிழைச்ச ஒருத்தர்னு யாருக்கும் தெரியாது. ஆளுக்கு லட்சத்துல ஒரு பங்கு ஆபத்து குறையுது, அதுக்கு ஒவ்வொருத்தரும் 800 ரூபாய் தரத் தயாருன்னா மொத்தம் 8 கோடி. இதைத்தான் புள்ளிவிவர உயிரோட மதிப்புன்னு சொல்றாங்க. சின்ன ஆபத்தைக் குறைக்க நம்ம என்ன விட்டுக்கொடுக்கத் தயாருங்கற கேள்விக்கு பதில் அது. யாரோ ஒருத்தரைக் காட்டி இவர் எவ்வளவுன்னு கேக்கல. போர்வெல் குழியில குழந்தை விழுந்தா நாம பட்ஜெட் பாக்குறதில்லை, பாக்கவும் கூடாது. பெயர் தெரிஞ்ச உயிர் முன்னாடி இந்த நம்பருக்கு வேலை இல்லை.

நம்ம நாட்டுல இன்னொரு நம்பர் புழக்கத்துல இருக்கு, அது மோட்டார் விபத்து தீர்ப்பாயத்துல வர்றது. 2009 சர்லா வர்மா தீர்ப்பு கொடுத்த மல்டிப்ளையர் முறை, வருஷ வருமானத்தை வயசுக்குத் தகுந்த ஒரு எண்ணால பெருக்குறது. 28 வயசுல ஒருத்தர், மாசம் 20,000 சம்பளம், வருஷத்துக்கு 2.4 லட்சம், அவரை நம்பி குடும்பத்துல மூணு பேர்னா அவரோட சொந்தச் செலவுக்கு மூணுல ஒரு பங்கு கழிச்சு 1.6 லட்சம், 26ல இருந்து 30 வயசுக்கு மல்டிப்ளையர் 17, ஆக 27.2 லட்சம், வருங்கால வருமான உயர்வு, மத்த தலைப்பு எல்லாம் தனி. 65 தாண்டினவருக்கு மல்டிப்ளையர் 5. இறந்தவரை நம்பி இருந்தவங்களுக்கு எவ்வளவு வருமானம் போச்சுங்கறதுதான் அங்க கேள்வி, அந்தக் கேள்விக்கு இது நியாயமான பதில்.

தப்பு எப்போன்னா, ஷீட் போடுறவர் அவசரத்துல இழந்த வருமானத்தைத் தூக்கி "தவிர்க்கப்பட்ட மரணம்"ங்கற வரியில ஒட்டும்போது. அப்படி ஒட்டினா என்ன ஆகும்? ஐடி பார்க் முன்னாடி நடைபாலம் போட்டா பயன் அதிகம், பொது ஆஸ்பத்திரி முன்னாடி, கோயில் வாசல்ல, ரேஷன் கடை பக்கத்துல வயசானவங்க கடக்குற இடத்துல போட்டா பயன் கம்மின்னு ஷீட் சொல்லும். யாரும் வேணும்னு அப்படி முடிவெடுக்கல, ஆனா பாலம் அங்க வராது. டிபிஆர் படிக்கிறவங்க விபத்துச் செலவு எங்க இருந்து எடுத்தாங்கன்னு அனெக்ஷர்ல பாருங்க, இழந்த உற்பத்தின்னு இருந்தா இந்தச் சறுக்கல் உள்ள இருக்கு.

வருமானத்தோட கட்டுன நம்பர் நாடுகளுக்கு நடுவுலயும் சண்டையைக் கிளப்பியிருக்கு. 1995ல பருவநிலை மாற்றம் பத்தின ஐநா குழுவோட அறிக்கை தயாரான நேரத்துல, பணக்கார நாட்டு உயிருக்கு 15 லட்சம் டாலர், ஏழை நாட்டு உயிருக்கு அதுல பத்துல ஒரு பங்குங்கற மாதிரியான மதிப்பு வெச்சு சேதத்தைக் கணக்குப் போட்டிருந்தாங்க. இந்தியா உட்பட பல நாடு கடுமையா எதிர்த்துச்சு. ஒரு நாட்டு ஜனங்க தங்களுக்குள்ள ரோடு பாதுகாப்புக்கு எவ்வளவு செலவு பண்ணலாம்னு பாக்க அந்த நம்பர் உதவும். ஒருத்தர் விடுற புகையால இன்னொரு ஊர்ல சாகுறவனுக்கு அவனோட ஏழ்மையைக் காரணம் காட்டி விலையைக் குறைக்க அது உதவாது, உதவவும் கூடாது.

ஏரியைப் பத்தி ஒண்ணு சொல்லாம விட முடியாது, அங்க பிரச்சனை தள்ளுபடி விகிதத்துல. வருங்கால ரூபாயை இன்னைய மதிப்புக்குக் குறைக்கறது நியாயம்தான், கடன் வாங்குன யாருக்கும் புரியும். ஆனா 12 சதவீதத்துல ஐம்பது வருஷம் கழிச்சு வர்ற 100 ரூபாய் இன்னைக்கு வெறும் 35 பைசா. பிரிட்டன் அரசு முதல் முப்பது வருஷத்துக்கு எடுக்கற 3.5 சதவீதத்தையே ஐம்பது வருஷத்துக்கும் போட்டா அதே 100 ரூபாய் 18 ரூபாய். ஏரிங்கறது நூத்துக்கணக்கான வருஷத்துக்காக வெட்டினது, அதோட பயன் முழுக்க எதிர்காலத்துல, ரோடோட பயன் முழுக்க முதல் இருபது வருஷத்துல. 12 சதவீதம்னு டைப் பண்ண அந்த நிமிஷமே ஏரி தோத்துடுச்சு, அதுக்கு அப்புறம் எவ்வளவு கவனமா ஏரிக்கு மதிப்பு போட்டாலும் சரி. 2015 டிசம்பர்ல தண்ணிக்கு நடுவுல மாடியில உக்காந்திருந்தவங்களுக்கு, ரொம்ப முன்னாடி தூர்த்துப்போன ஒரு ஏரியோட அந்த 100 ரூபாய் 35 பைசாவா தெரிஞ்சிருக்காது.

அப்போ விலையே போடாம சட்டத்துல கோடு போட்டுக் காப்பாத்திடலாமான்னா, அதுவும் நம்ம ஊர்ல நடந்திருக்கு. மவுண்ட் ரோட்டுல இருக்கற பாரத் இன்ஷூரன்ஸ் கட்டடம், 1897ல கார்டில் பில்டிங்னு கட்டினது. 2006ல எல்ஐசி அதை இடிக்கப் போனப்போ பாரம்பரியச் சின்னங்களைக் காக்கற இன்டாக் அமைப்பு ஹைகோர்ட்டுக்குப் போச்சு, கோர்ட் நிறுத்துச்சு. 2010 தீர்ப்புல சென்னையில நானூறுக்கும் மேற்பட்ட பாரம்பரியக் கட்டடங்களோட பட்டியலுக்கும் அங்கீகாரம் கிடைச்சுது. அந்த நிலம் மவுண்ட் ரோட்டுல எவ்வளவு போனாலும் சரி, இடிக்காதே, அவ்வளவுதான். விலையை விட எல்லைக்கோடு வலுவானதுன்னு அன்னைக்கு சந்தோஷப்பட்டேன். ஆனா அந்தக் கட்டடம் வருஷக்கணக்கா மரம் முளைச்சு, கூரை சரிஞ்சு அப்படியே கிடந்துச்சு, பஸ்ல போகும்போதெல்லாம் மனசு கஷ்டமா இருக்கும். கோடு போட்டா புல்டோசர் நிக்கும், மழை நிக்காது. ரிப்பேருக்கு ஒரு தொகை, யாராவது ஒருத்தரோட பட்ஜெட்ல ஒரு வரி, அது வேணும், அந்த வரிக்கு நம்பர் எழுதித்தான் ஆகணும்.

பூந்தமல்லி ஷீட்டுக்கு வர்றேன். நான் "மதிப்பிட இயலாது"ங்கற வரியை மொத்தத்துல இருந்து வெளிய எடுத்து, தனித் தாள்ல போட்டேன். கோயிலைத் தொடாம ரோட்டை வளைச்சா எப்படி இருக்கும்னு இன்னொரு அலைன்மென்ட் வரைஞ்சு, நிலம், நீளம், திருப்பத்துல வேகம் குறையறதால போற நேரம் எல்லாம் சேர்த்து முதல் கணக்குக்கும் இதுக்கும் வித்தியாசம் எடுத்தேன். மீட்டிங்ல அதிகாரி கேட்டார், "கோயிலுக்கு என்னப்பா போட்டிருக்கே?"

"கோயிலுக்குப் போடல சார். வளைச்சுப் போனா நாலு கோடியே பத்து லட்சம் கூடுதல்."

கொஞ்ச நேரம் மேப்பைப் பார்த்தார். அந்த ஊர்ல எத்தனை வீடுன்னு கேட்டார், திருவிழா எப்போன்னு கேட்டார், ப்ராஜெக்ட் மொத்தத்துல இது எத்தனை சதவீதம்னு கேட்டார். விலை என்னன்னு கேட்டிருந்தா இந்தக் கேள்வி எதுவும் வந்திருக்காது. வளைச்சுடலாம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கோயிலும் ரெண்டு வேப்பமரமும் இன்னைக்கும் இருக்கு. குளம் இல்லை. குளத்தையும் சேர்த்துச் சுத்திப் போனா எவ்வளவு ஆகும்னு யாரும் என்கிட்ட கேக்கல, நானும் அந்த அலைன்மென்ட்டை வரையல, அந்த வரியில பட்டா இல்லாத புறம்போக்குன்னு இருந்ததால நிலச் செலவு பூஜ்யம்னு போட்டிருந்தேன். இப்போ அங்க சர்வீஸ் ரோடு போகுது, போன ஐப்பசியில அதுல முழங்கால் அளவுக்குத் தண்ணி நின்னுச்சு.